கிளைகளிலிருந்து வரிசைக்கு
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



கட்டுரை எழுதுவதைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். கட்டுரைக் கலை முழுவதையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துரைக்க இயலாது. ஆகவே அதன் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மனத்தில் தோன்றிய கருத்துகளை ஒரு தாளின் நடுவிலிருந்து கிளை கிளையாக வரைந்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்தை, ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் செல்லத்தக்க சட்டகமாக மாற்றுவது எப்படி? இந்த ஒரு படியில் இடறிய கதையிலிருந்து தொடங்குவோம். இடறியவர் வேறு யாரும் அல்லர், நாமே.

2015ஆம் ஆண்டு நவம்பர் நடுவிலும் டிசம்பர் தொடக்கத்திலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீர் வடிந்த பின் நம் குடியிருப்பு மக்கள் ஒரு மனு எழுத வேண்டும் என்றார்கள். பள்ளி ஆசிரியர் என்பதால் அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்தது. தெருவார் சொன்னவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு, அவர்கள் சொன்ன வரிசையிலேயே எழுதினோம். அன்று எல்லோர் வாயிலும் இருந்த பெயர் செம்பரம்பாக்கம். ஆகவே முதற்பத்தி முழுவதும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதால் நாங்கள் மூழ்கினோம் என்றே அமைந்தது. எங்கள் தெருவின் நீரை ஆற்றுக்குக் கொண்டு செல்லும் கால்வாய் தூர்ந்து குறுகிவிட்டது என்ற செய்தி ஐந்தாம் பத்தியில் இருந்தது.

மனுவைப் பெற்ற அதிகாரி முதற்பத்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, செம்பரம்பாக்கத்து உபரி நீர் திருநீர்மலை அருகில்தானே அடையாற்றில் சேருகிறது? உங்கள் ஊர் அதற்கு மேலே அல்லவா இருக்கிறது? அந்த நீர் மேல்நோக்கி ஏறியா உங்கள் வீட்டுக்கு வந்தது?” என்றார். நம்மிடம் விடை இல்லை. மனு கோப்பில் போடப்பட்டது. ஐந்தாம் பத்தியை அவர் படித்ததாகத் தெரியவில்லை. நம் கையில் உண்மை இருந்தது. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அண்மையில் நம் மாலை நேரப் படிப்பு மையத்திற்கு வரும் ஒரு மாணவி, போட்டித் தேர்வுப் பயிற்சிக்காக அதே வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுத முனைந்தார். வெள்ளத்தின்போது அவர் சிறு பிள்ளை. அவர் வரைந்து வந்த மனவரைபடத்தைப் பார்த்ததும் நம் பழைய மனு கண்முன் நின்றது. அந்தப் படத்தையே இன்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மனவரைபடம் என்ற இம்முறையை 1974ஆம் ஆண்டு முதல் ஆங்கில நாட்டில் டோனி புசான் என்பவர் பரப்பினார். தாளின் நடுவில் ஒரு சொல், அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள். இப்போது நம் பாடநூல்களிலும் இது இடம்பெறுகிறது. மாணவியின் தாளில் நடுச்சொல் ‘2015 வெள்ளம்’. அதைச் சுற்றி மழை, செம்பரம்பாக்கம், அடையாறு, ஆக்கிரமிப்பு, வெளிவட்டச் சாலை, குப்பை, படகில் மீட்பு, பள்ளியில் தங்கியது, நனைந்த சான்றிதழ்கள், நிவாரணத் தொகை, உதவிய இளைஞர்கள், இனி செய்ய வேண்டியவை என்று பன்னிரண்டு கிளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சிறு குறிப்புகள். மிகச் செழிப்பான படம்.

ஆனால் அந்தப் படத்திலிருந்து அவர் எழுதிய கட்டுரை செழிப்பாக இல்லை. கடிகார முள் சுற்றும் திசையில் கிளைகளைச் சுற்றி வந்து, கிளைக்கு ஒரு பத்தியாகப் பன்னிரண்டு பத்திகள் எழுதியிருந்தார். எந்தப் பத்தியை எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் கட்டுரைக்கு ஒன்றும் நேராது. அதுவே நோயின் அறிகுறி. பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லையென்றால், நீங்கள் எழுதியது கட்டுரை அன்று, பட்டியல்.

இப்படி நேர்வதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தில் ஒரு சொல்லையும் மறுசொல்லையும் இணைக்கும் கோடு ‘இதை நினைத்தால் அது நினைவுக்கு வருகிறது’ என்று மட்டுமே சொல்கிறது. கட்டுரையில் ஒரு வாக்கியத்தையும் மறு வாக்கியத்தையும் இணைப்பது ‘ஏனெனில்’ என்பதும் ‘ஆகவே’ என்பதும் ஆகும். நினைவின் கோட்டைக் காரணத்தின் கோடாக மாற்றுவதே நாம் செய்ய வேண்டிய வேலை. பள்ளியில் இவ்வேலையை நாம் செய்து பழகுவதில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று குறிப்புகளை வினாத்தாளே தந்துவிடுகிறது. சட்டகம் இலவசமாகக் கிடைக்கிறது, நாம் நிரப்புகிறோம். பின்னர் குடிமைப் பணித் தேர்வின் கட்டுரைத் தாளில் ஒற்றை வரித் தலைப்பை மட்டும் கண்டு திகைக்கிறோம்.

இனி முறைக்கு வருவோம்.

முதல் வேலை, நடுச்சொல்லை வினாவாக மாற்றுவது. ‘2015 வெள்ளம்’ என்பது ஒரு பொருளின் பெயர். அதற்கு விடை கிடையாது. மாணவியிடம், “இந்த வெள்ளத்தைப் பற்றி நீ உண்மையிலேயே அறிய விரும்புவது என்னம்மா?” என்று கேட்டோம். சற்று யோசித்து, “எங்கள் பகுதி ஏன் மூழ்கியது என்பதுதான் சார்” என்றார். வினா பிறந்துவிட்டது. அவ்வினாவுக்கு ஒரே வாக்கியத்தில் அளிக்கும் விடையை மையக் கூற்று என்போம். கட்டுரை முழுவதும் அந்த வாக்கியத்தை நிலைநாட்டுவதற்காகவே இருக்கிறது.

இது புதிய சரக்கு அன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் உறுப்புகளை விளக்குகிறார். நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று முதலில். அதற்கான ஏது அடுத்து. எடுத்துக்காட்டு அதற்குப் பின். மையக் கூற்று, பகுதி, சான்று என்று நாம் இன்று சொல்லும் வரிசையும் ஏறத்தாழ அதுவே.

மாணவி முதலில் எழுதிய மையக் கூற்று: ‘வெள்ளம் மக்களுக்குப் பெரும் துன்பத்தைத் தந்தது.’ இதை யாராவது மறுப்பார்களா? மாட்டார்கள். யாரும் மறுக்க இயலாத கூற்றை நிலைநாட்டத் தேவையில்லை; ஆகவே அதிலிருந்து கட்டுரை வளராது. இரண்டாவதாக அவர் எழுதியது: ‘மனிதனின் பேராசையே வெள்ளத்திற்குக் காரணம்.’ இதை மறுக்கலாம். ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு என்ற எல்லை இல்லை. கேரளத்து வெள்ளத்திற்கும் பொருந்தும், பீகார் வெள்ளத்திற்கும் பொருந்தும். அறிவுள்ள ஒருவர் மறுக்கக்கூடியதாகவும், இடமும் காலமும் குறித்த எல்லையுடையதாகவும் இருப்பதே நல்ல மையக் கூற்று. மூன்றாவது முயற்சியில், ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாம் இருவரும் சேர்ந்து இப்படி எழுதினோம்:

‘2015இல் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதற்கு முதற்காரணம் செம்பரம்பாக்கம் ஏரி அன்று, மேல் அடையாற்று ஏரிகளிலிருந்து வந்த நீரைக் கொண்டு செல்லும் அகலம் ஆற்றுக்கும் கால்வாய்களுக்கும் இல்லாமற்போனதே.’

இந்த வாக்கியம் அன்று நம்மிடம் இருந்திருந்தால், அந்த அதிகாரி நம்மைக் கேட்ட கேள்வியை நாமே மனுவின் முதல் வரியில் சொல்லியிருப்போம்.

இரண்டாவது வேலை, கிளைகளைத் தரம் பிரிப்பது. மையக் கூற்றை எழுதி அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளையையும் தொட்டு, “இது இக்கூற்றுக்கு ஏன் என்ற கேள்விக்கு விடையா?” என்று கேளுங்கள். விடையானால் அது காரணம், ஒரு கோடிடுங்கள். காரணத்தை மெய்ப்பிக்கும் செய்தியானால் அது சான்று, வட்டமிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது வேறு கட்டுரைக்குரியது, பெருக்கல் குறியிடுங்கள். வரைபடத்தில் காரணமும் சான்றும் ஒரே தடிப்புள்ள கிளைகளாக நிற்கும். படம் அவற்றைப் பிரித்துக் காட்டாது. நாம்தான் பிரிக்க வேண்டும்.

பெருக்கல் குறியிடுவதுதான் கடினம். நனைந்த சான்றிதழ்கள் என்ற கிளையில் மாணவியின் பேனா நின்றுவிட்டது. அவருடைய அக்காவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் அந்த நீரில் கரைந்தவை. அந்த வீட்டில் அது சிறிய இழப்பு அன்று. ஆயினும் ஊர் ஏன் மூழ்கியது என்ற கேள்விக்கு அது விடை ஆகாது. “இதை அழிக்க வேண்டாம், வேறொரு தாளில் நடுவில் எழுதிவை. அது இன்னொரு கட்டுரை” என்றோம். பன்னிரண்டு கிளைகளில் ஆறு இவ்வாறு வெளியேறின.

மூன்றாவது வேலை, எஞ்சியவற்றைப் பகுதிகளாக வரிசைப்படுத்துவது. இங்கே ஒரு விதியைக் கண்டிப்பாகக் கைக்கொள்ள வேண்டும். பகுதித் தலைப்பைச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுத வேண்டும். ‘அடையாறு’ என்று எழுதினால் அதன்கீழ் அடையாற்றைப் பற்றிய எதுவும் வந்து சேரும். ‘ஆற்றின் வழி குறுகியிருந்தது’ என்று எழுதினால் அதற்குரியது மட்டுமே வரும். எழுதி முடித்தபின், பகுதி வாக்கியங்களை மட்டும் ‘ஏனெனில்’, ‘மேலும்’, ‘ஆயினும்’, ‘ஆகவே’ என்று இணைத்து உரக்கப் படியுங்கள். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே வரிசை தவறு.

வரைபடத்தில் ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குக் குறுக்கே ஓடும் அம்புக்குறிகளும் இருக்கும். மாணவியின் படத்தில் வெளிவட்டச் சாலையிலிருந்து ஆக்கிரமிப்புக்கு ஓர் அம்பு, அடையாற்றுக்கு ஓர் அம்பு. படத்தில் ஒரு பொருள் இரண்டு இடத்தோடும் ஒட்டி நிற்கலாம். வரிசையில் அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும். எந்த இடத்தில் அது அதிக வேலை செய்கிறதோ அங்கே வையுங்கள். மற்ற இடத்தில் ஒரு சொற்றொடரால் சுட்டினால் போதும். இதை முன்கூட்டியே முடிவு செய்யாதவர் கட்டுரையில் ஒரே செய்தி இரண்டு முறை வரும்.

நான்காவது வேலையே இன்று நாம் வலியுறுத்த வந்தது. ஒவ்வொரு பகுதி வாக்கியத்தின் கீழும் இரண்டு வெற்றுக் கோடுகள் இடுங்கள். இவற்றைச் சான்றிடம் என்போம். சான்று கையில் இருந்தால் நிரப்புங்கள்; எங்கிருந்து கிடைத்தது என்பதையும் உடன் குறியுங்கள். இல்லையென்றால் கோட்டை வெறுமையாகவே விட்டு, அங்கே எந்த வகைச் சான்று வேண்டும், யாரிடம் கிடைக்கும் என்று பென்சிலால் எழுதுங்கள். வெற்றுக் கோடு நமக்கு வெட்கம் அன்று. எதை அறியாமல் பேசப் புறப்பட்டோம் என்பதை எழுதுவதற்கு முன்பே அது காட்டிவிடுகிறது. நம் மனுவில் அப்படி ஒரு கோடு இருந்திருந்தால், ‘செம்பரம்பாக்கத்து நீர் எங்கே ஆற்றில் சேருகிறது?’ என்று அதன் மேல் எழுதியிருப்போம், நிலப்படத்தைப் பார்த்திருப்போம்.

மாணவியின் சட்டகம் இறுதியில் இவ்வாறு அமைந்தது.

பகுதி 1. செம்பரம்பாக்கத்து உபரி நீர் இப்பகுதிக்குக் கீழேதான் அடையாற்றில் சேருகிறது.
சான்று அ: நிலப்படம்; சேருமிடம் திருநீர்மலை அருகில்.
சான்று ஆ: ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது டிசம்பர் 1ஆம் நாள், முடிச்சூர் முதலில் மூழ்கியது அதற்கு இரண்டு வாரம் முன்பே.

பகுதி 2. இப்பகுதிக்கு வரும் நீர், ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரி நீரும் பெய்த மழையுமே.
சான்று அ: டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை (வானிலை ஆய்வுத் துறை).
சான்று ஆ: வெறுமை. ஏரிகளின் கலங்கல் வழிந்த நாள்கள். நீர்வளத் துறையிடம் கேட்க.

பகுதி 3. அந்நீரைக் கொண்டு செல்லும் வழி குறுகியிருந்தது.
சான்று அ: வெறுமை. கால்வாயின் பதிவேட்டு அகலமும் இன்றைய அகலமும்.
சான்று ஆ: வெறுமை. வெளிவட்டச் சாலையின் கீழ் நீர் செல்லும் கண்களின் எண்ணிக்கையும் அகலமும்.

பகுதி 4. ஆயினும் டிசம்பரில் திருநீர்மலையில் சேர்ந்த பெருநீர், மேலிருந்து வந்த நீரைத் தடுத்துத் தேக்கியிருக்கலாம்.
சான்று: பகுதி 1இன் ‘ஆ’ இதற்கு ஓரளவே விடை.

பகுதி 5. ஆகவே இப்பகுதியின் பாதுகாப்பு, ஏரித் திறப்பை விட, வழியை அகலப்படுத்துவதிலேயே அதிகம் தங்கியிருக்கிறது.

இந்தச் சட்டகத்தில் மூன்று இடங்களை உற்று நோக்குங்கள்.

ஒன்று, பகுதி 2இல் உள்ள 49 சென்டிமீட்டர். கண்ணைப் பறிக்கும் எண். ஓர் ஏக்கர் நிலத்தில் அந்த மழை ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் நீராகும். ஆனால் அது டிசம்பர் மழை. நவம்பர் வெள்ளத்திற்கு அதைச் சான்றாகக் காட்டினால், தேதி தெரிந்த ஒருவர் ஒரே வரியில் நம்மை வீழ்த்திவிடுவார். சான்று உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. தான் நிற்கும் வாக்கியத்திற்கு அது பொருந்த வேண்டும். ஆகவே அந்தச் சான்றிடத்தின் அருகில் ‘நவம்பர் மழை அளவு தனியே வேண்டும்’ என்று மாணவி எழுதிக்கொண்டார்.

இரண்டு, பகுதி 3. கட்டுரையின் உயிர்நிலை அதுதான். அங்கேதான் இரண்டு கோடுகளும் வெறுமை. எவருக்கும் எளிதில் கிடைக்கும் சான்றுகள் முதற்பகுதியில் குவிவதும், கடினமான பகுதி வெறுமையாகக் கிடப்பதும் வழக்கமாக நேர்வதே. வரைபடத்தில் இது தெரியாது. அங்கே ஆக்கிரமிப்பு என்ற கிளையில் ‘எல்லோருக்கும் தெரியும்’ என்று எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரியும் என்பது சான்று ஆகாது. மாணவியும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவுடன் சென்று, தம் தெருக் கால்வாயை மூன்று இடங்களில் அளந்து வந்தார்கள். மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஐந்தடி. ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது? அதைப் பதிவேடுதான் சொல்லும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்திருக்கிறார். 30 நாளுக்குள் விடை வர வேண்டும். விடை வரும்வரை அவர் எழுதக்கூடியது ‘கால்வாய் இன்று ஐந்தடியே இருக்கிறது’ என்பதுதான். ‘ஆக்கிரமிக்கப்பட்டது’ என்று எழுதும் உரிமை அவருக்கு இன்னும் வரவில்லை. சான்றிடம் நிரம்பாவிட்டால் கூற்றைச் சுருக்க வேண்டும். சுருக்கவும் இயலாவிட்டால் பகுதியை நீக்க வேண்டும்.

மூன்று, பகுதி 4. இது நம் கூற்றுக்கு எதிரானது. மாணவி, “இதை நாமே ஏன் சார் சொல்ல வேண்டும்?” என்றார். நாம் சொல்லாவிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வார். அப்போது நம்மிடம் விடை இருக்காது. அந்த நிலை எப்படியிருக்கும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். மேலும், இந்த எதிர்வாதத்தை எண்ணிப் பார்த்ததனால்தான் மையக் கூற்றில் ‘காரணம்’ என்றிருந்தது ‘முதற்காரணம்’ என்று திருந்தியது. செம்பரம்பாக்கத்துத் திறப்பு சரியாக நடந்தது என்றும் நம் கட்டுரை சொல்லவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அதைக் கடுமையாகவே குறை கூறியது. அந்நீரால் மூழ்கியவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்கள். அவர்கள் வழக்கு வேறு, நம் வழக்கு வேறு.

தேர்வுக் கூடத்தில் இந்த முறையைச் சற்றுச் சுருக்கிக்கொள்ள வேண்டும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் கட்டுரைத் தாளில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். ஒரு கட்டுரைக்கு 90 நிமிடம் என்றால், வரைபடத்திற்கும் சட்டகத்திற்கும் சேர்த்து 20 நிமிடம் ஒதுக்குங்கள். நான்கு அல்லது ஐந்து பகுதிகளுக்கு மேல் வேண்டாம். பகுதிக்கு 200 முதல் 250 சொற்கள் என்றாலே அளவு நிறைந்துவிடும். அங்கே அளவு நாடாவும் இல்லை, பதிவேடும் இல்லை. ஆகவே நினைவிலிருந்து உறுதியாக நிரப்பக்கூடிய சான்றிடங்கள் உள்ள பகுதிகளையே தேர்ந்தெடுங்கள். இரண்டு கோடும் வெறுமையாக நிற்கும் பகுதியை, எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அங்கேயே அடித்துவிடுங்கள். எண் நினைவில்லாத இடத்தில் எண்ணைப் புனையாதீர்கள்.

வரைபடத்தைக் கைவிடச் சொல்கிறோம் என்று யாரும் கொள்ள வேண்டாம். அந்தத் தாள் இல்லாமல் சாலையும் கால்வாயும் ஆறும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதே நமக்குத் தோன்றியிராது. படம் நமக்காக வரைவது. சட்டகம் படிப்பவருக்காக அமைப்பது. நம் மனத்திலிருந்ததைப் படத்தின் வரிசையிலேயே பிறரிடம் நீட்டியதுதான் 2015இல் நாம் செய்த பிழை.

அந்த மாணவியின் விண்ணப்பத்திற்கு இன்னும் விடை வரவில்லை. வந்ததும், பகுதி 3இன் கோடு நிரம்பினால், அந்தச் சட்டகத்திலிருந்து இரண்டு தாள்கள் எழுதப்படும். ஒன்று அவருடைய பயிற்சிக் கட்டுரை. மற்றது அதே அலுவலகத்திற்கு நம் குடியிருப்பு மக்கள் கொடுக்கப்போகும் புதிய மனு. இம்முறை கால்வாய் முதற்பத்தியில் இருக்கும்.